லைப்ரரியில் இருந்த பாட்டுதானே, அப்புறம் ஏன் மியூட் ஆனது?

கேள்வி: “வீட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்கும் சின்னப் பக்கம் வைத்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமே கொடுக்கும் பாட்டைத்தான் போட்டேன், ஆனாலும் இரண்டு ரீல்ஸ் மியூட் ஆகிவிட்டன. கூகுளில் எடுத்த ஒரு படத்துக்கு கிரெடிட் கூடக் கொடுத்திருந்தேன், அந்தப் போஸ்ட்டையே தூக்கிவிட்டார்கள். பாட்டையும் படத்தையும் எங்கே, எப்படி எடுத்தால் இந்தத் தொல்லை வராது?”

விளம்பர வீடியோக்களுக்கு இசை உரிமையும் பட உரிமையும் வாங்கித் தருவதுதான் பல வருடங்களாக என் வேலை. வக்கீல் இல்லை, அதனால் கோர்ட் வரை போன விவகாரத்துக்கு என் பேச்சை நம்பாதீர்கள். ஆனால் உங்கள் பிரச்சினை அந்த அளவுக்குச் சிக்கலானது இல்லை. ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்து வந்துவிடும்: அனுமதி என்பது பாட்டோடு ஒட்டிக்கொண்டு வருவது கிடையாது. அந்தப் பாட்டை யார் போடுகிறார், எதற்குப் போடுகிறார், எந்த ஆப்பில் போடுகிறார் என்ற மூன்றையும் வைத்துத்தான் அனுமதி உண்டா இல்லையா என்று முடிவாகும். அதே பாட்டு உங்கள் தோழியின் பிறந்தநாள் ரீலில் ஜோராக ஓடும், உங்கள் மெழுகுவர்த்தி ரீலில் மியூட் ஆகும். இரண்டுமே விதிப்படி சரிதான்.

ஒரு பாட்டில் பெரும்பாலும் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கும். மெட்டும் வரிகளும் ஒன்று, அது இசையமைப்பாளர், பாடலாசிரியர் அல்லது அவர்கள் எழுதிக் கொடுத்த வெளியீட்டு நிறுவனத்திடம் இருக்கும். அதைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னொன்று, அது பெரும்பாலும் இசை கம்பெனியிடம் இருக்கும். இன்ஸ்டாகிராம், டிக்டாக் மாதிரியான ஆப்கள் இந்த இரண்டு பக்கமும் பேசி, பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டுத்தான் பாட்டுகளைத் தங்கள் லைப்ரரியில் வைக்கின்றன. அந்த ஒப்பந்தம், சாதாரண மனிதர்கள் தங்கள் சொந்த சந்தோஷத்துக்கு அந்த ஆப்புக்குள் பயன்படுத்துவதற்காகப் போடப்பட்டது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் இசை விதிமுறைகளிலேயே, வியாபாரத்துக்கோ சொந்தப் பயன்பாடு அல்லாத வேறு எதற்கோ இசையைப் பயன்படுத்தினால் அதற்குரிய லைசென்ஸை நீங்களே வாங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குடியிருக்க வாடகைக்கு எடுத்த வீட்டில் கடை போட்டால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, அதேதான் இங்கேயும்.

அதனால்தான் பிசினஸ் அக்கவுண்டுக்கு மாறியதும் பிரபலமான பாட்டுகள் லைப்ரரியில் இருந்து பெரும்பாலும் காணாமல் போய்விடும். உடனே எல்லோரும் செய்வது, கிரியேட்டர் அக்கவுண்டுக்கு மாறிப் பாட்டுகளைத் திரும்பக் கொண்டுவருவது. உங்களுக்கும் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்கள். பட்டன் திரும்ப வரும், அனுமதி வராது. ரீலில் விலை சொல்கிறீர்கள், ஆர்டருக்கு மெசேஜ் அனுப்பச் சொல்கிறீர்கள் என்றால் அது விளம்பரம்தான், அக்கவுண்டின் பெயர் என்னவாக இருந்தாலும். பேங் என்ற எனர்ஜி டிரிங்க் கம்பெனி மேல் 2021ல் யுனிவர்சல், சோனி என்ற இசை கம்பெனிகள் வழக்குப் போட்டன. டிக்டாக் வீடியோக்களில் அனுமதி இல்லாமல் பாட்டுகளைப் போட்டார்கள் என்பதுதான் புகார். 2022ல் இரண்டு வழக்கிலும் கம்பெனியே நேரடியாக உரிமையை மீறியது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. உங்களைப் போன்ற சின்னப் பக்கத்தை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பது அபூர்வம், பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘ஆப்பே கொடுத்தது’ என்பது ஒரு வியாபாரத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்களுக்கு உடனடியாகத் தெரியப் போகும் நஷ்டம் வேறு: லைப்ரரிப் பாட்டு போட்ட ரீலை பூஸ்ட் செய்ய முடியாது. நன்றாக ஓடுகிறதே, கொஞ்சம் காசு போட்டு இன்னும் பரப்பலாம் என்று நினைக்கும் அன்றைக்குத்தான் பாட்டு குறுக்கே நிற்கும்.

இன்னொரு பொறி ‘Original audio’ என்று காட்டும் ஒலி. ட்ரெண்டில் இருக்கிறதே என்று யாரோ ஒருவருடைய ரீலில் இருந்து ‘இந்த ஆடியோவைப் பயன்படுத்து’ என்பதை அழுத்துகிறீர்கள். அங்கே ஒருவர் ஏதோ ஒரு சினிமாப் பாட்டைத் தன் வீடியோவோடு சேர்த்து அப்லோட் செய்திருப்பார், ஆப் அதை அவருடைய சொந்த ஒலி என்று பெயரிட்டிருக்கும். உரிமையாளர் என்றைக்கு அதைக் கண்டுபிடிக்கிறாரோ, அன்றைக்கு அந்த ஒலியை எடுத்துப் போட்ட அத்தனை ரீலும் சேர்ந்து ஊமையாகும். ஆறு மாதம் கழித்து, எதுவும் செய்யாமலேயே பழைய ரீல் மியூட் ஆனதாகச் சொல்பவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணம். உங்களுடைய இரண்டும் எந்த வகை என்று பார்க்க, ரீலின் கீழே ஓடும் ஆடியோ பெயரைத் தட்டுங்கள். பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் வந்தால் லைப்ரரி, யாரோ ஒருவரின் அக்கவுண்ட் பெயரோடு ‘Original audio’ என்று வந்தால் இந்தப் பொறி.

லைப்ரரிப் பாட்டேகூட நிரந்தரம் இல்லை. யுனிவர்சல் நிறுவனத்துக்கும் டிக்டாக்குக்கும் இருந்த ஒப்பந்தம் 2024 ஜனவரி 31ல் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அந்த நிறுவனத்தின் பாட்டுகள் இருந்த பழைய வீடியோக்கள் மியூட் ஆகின. மே மாதத் தொடக்கத்தில்தான் சமாதானம் ஆனார்கள். அதில் மாட்டியவர்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. சில பாட்டுகளுக்கு சில நாடுகளில் மட்டும்தான் ஒப்பந்தம் இருக்கும், அப்போது உங்களுக்குக் கேட்கும், வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்குக் கேட்காது. மியூட் ஆனதாக வரும் அறிவிப்பை முழுதாகப் படித்தால் எல்லா இடத்திலுமா, சில நாடுகளில் மட்டுமா என்பது தெரியும்.

இப்போது காற்றில் சுற்றும் சில நம்பிக்கைகள். ஐந்து விநாடி, பதினைந்து விநாடி, முப்பது விநாடி வரை போட்டால் தப்பில்லை என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அப்படி ஒரு விதியே இல்லை. ‘உரிமையை மீறும் நோக்கம் இல்லை’ என்று கேப்ஷனில் எழுதுவது, தெரிந்தேதான் எடுத்தேன் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். கிரெடிட் கொடுப்பது மரியாதை, அனுமதி இல்லை. வேகத்தைக் கூட்டுவது, சுருதியை மாற்றுவது பற்றியும் கேட்பார்கள். யூடியூபின் கன்டென்ட் ஐடியும் மெட்டாவின் ரைட்ஸ் மேனேஜரும் பாட்டை மனிதக் காதுபோல் கேட்பதில்லை, ஒலியின் அமைப்பில் இருந்து ஒரு கைரேகை எடுத்து, உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் கைரேகைகளோடு ஒப்பிடுகின்றன. கொஞ்சம் வேகம் மாற்றினால் சில நேரம் தப்பும், பல நேரம் மாட்டும். தப்பினாலும் அது கண்ணில் படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கைரேகைப் பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும், பழைய வீடியோவும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்படும்.

இன்னொன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். பாட்டைப் போடவே இல்லை, ஆனால் ஷூட் செய்யும்போது பக்கத்து அறையில் டிவி ஓடியது, அதுவும் பதிவாகியிருக்கிறது. கைரேகைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மெழுகு ஊற்றும் சத்தத்தை அப்படியே வைக்க ஆசைப்பட்டால், எடுக்கும்போதே அறையை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் உங்கள் தொழிலுக்கு அந்தச் சத்தமே போதும் என்று நினைக்கிறேன்: திரி வெட்டும் ஒலி, தீக்குச்சி உரசும் ஒலி, மேலே உங்கள் குரல். அதற்கு உரிமையாளர் நீங்கள் ஒருவர்தான்.

இசை வேண்டும் என்றால் எங்கே எடுப்பது? இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் மட்டும் போடுவதானால் மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன். வியாபாரப் பக்கங்கள் பயன்படுத்தலாம் என்று அவர்களே வைத்திருக்கும் தொகுப்பு அது, விளம்பரத்துக்கும் ஒத்துவரும். ஆனால் அந்த அனுமதி மெட்டாவின் ஆப்களுக்குள் மட்டும்தான். அதே வீடியோவை டவுன்லோட் செய்து யூடியூப் ஷார்ட்ஸிலும் போடுவதுதான் பலர் சறுக்கும் இடம். டிக்டாக்கில் இதே வேலைக்கு கமர்ஷியல் மியூசிக் லைப்ரரி என்று தனியாக ஒன்று இருக்கிறது. யூடியூபுக்கு யூடியூப் ஸ்டுடியோவுக்குள் இருக்கும் ஆடியோ லைப்ரரி. அதிலும் சில இசைக்குக் கீழே கிரெடிட் வரி போட வேண்டும் என்று குறி இருக்கும், போட்டாக வேண்டும். ஷார்ட்ஸில் இன்னொரு கிடுக்கி: 2024 அக்டோபரில் இருந்து மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸ் போடலாம் என்று ஆனது, ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐடி கிளெய்ம், அதாவது ‘இது எங்களுடையது’ என்று உரிமையாளர் பேரில் வரும் கோரிக்கை இருந்தால் உலகம் முழுக்க பிளாக் ஆகிவிடும். மூன்று இடத்திலும் ஒரே வீடியோவைப் போடுவதுதான் உங்கள் பழக்கம் என்றால், எல்லா ஆப்புக்கும் வியாபாரத்துக்கும் சேர்த்து அனுமதி தரும் இசைத் தளம் ஒன்றில் காசு கொடுத்து லைசென்ஸ் எடுப்பதுதான் நிம்மதி. எடுக்கும்முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: சந்தாவை நிறுத்திய பிறகு, ஏற்கெனவே போட்ட வீடியோவுக்கு அனுமதி தொடருமா? தளத்துக்குத் தளம் பதில் மாறும். தொடராது என்றால் நீங்கள் காலத்துக்கும் பணம் கட்ட வேண்டியதுதான்.

இலவச இசை தேடினால், படைத்தவரே சில நிபந்தனைகளோடு மற்றவர்களுக்கு அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்கள் கண்ணில் படும், இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். CC0 என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. CC BY என்றால் பெயர் போட வேண்டும், வியாபாரத்துக்கும் சரி. NC என்ற எழுத்துகள் இருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது, விற்பனைப் பக்கமான உங்களுக்கு அது வேண்டாம். பலர் கவனிக்காதது ND. மாற்றம் செய்யக் கூடாது என்பதுதானே, நான் பாட்டை மாற்றவில்லையே, அப்படியேதானே போடுகிறேன் என்று தோன்றும். ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 பதிப்பு லைசென்ஸ் வாசகத்திலேயே, ஓர் இசையை நகரும் படத்தோடு நேரம் பொருத்திச் சேர்த்தால் அது எப்போதும் தழுவல்தான் என்று தெளிவாக இருக்கிறது. ஆகவே ND இசையை எந்த ரீலிலும் போட முடியாது. அதே காரணத்தால், SA என்று இருக்கும் இசையைப் போட்டால் உங்கள் ரீலையும் அதே லைசென்ஸில் வெளியிட வேண்டும், அதாவது யார் வேண்டுமானாலும் உங்கள் வீடியோவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்வதாகும். விற்பனை வீடியோவுக்கு CC0, CC BY தவிர மற்றதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து.

பழைய செவ்வியல் இசைக்கு யார் உரிமை கேட்பார்கள் என்று நினைப்பதும் உண்டு. பீத்தோவன் இறந்தது 1827ல், மெட்டுக்கு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் போடுவது மெட்டை இல்லை, ஒரு குழு வாசித்த பதிவை. அந்தப் பதிவு சமீபத்தியது என்றால் அதற்கு உரிமையாளர் இருக்கிறார். நீங்களே பியானோவில் வாசித்துப் போட்டால் பிரச்சினை இல்லை. அப்போதும் இயந்திரம் வேறு யாருடைய பதிவோ என்று குழம்பிக் கிளெய்ம் அனுப்புவது நடக்கும், அந்த நேரத்தில் தைரியமாக மறுப்புத் தெரிவிக்கலாம்.

படத்துக்கு வருவோம். கூகுள் படங்களைக் காட்டுகிறது, கொடுக்கவில்லை. பின்ட்ரெஸ்டும் அப்படியே. நீங்கள் எடுத்த படத்துக்குச் சொந்தக்காரர், அதில் தெரியும் பொருளைச் செய்தவர் இல்லை, பொதுவாகப் படத்தை எடுத்தவர்தான். இசைபோல எல்லாப் படத்தையும் இயந்திரம் பிடிப்பதில்லை, பெரும்பாலும் எடுத்தவரே கண்ணில் பட்டு புகார் படிவம் நிரப்புவார். அதனால்தான் மியூட் ஆகாமல் போஸ்ட் முழுதாகப் போகிறது. கிரெடிட் போட்டிருந்தது இங்கே உங்களுக்கு உதவவில்லை. அவர் பெயரைத் தேடும்போது உங்கள் போஸ்ட் சுலபமாகக் கிடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. படத்தைத் திருப்பிப் போடுவது, ஃபில்டர் போடுவது, மேலே எழுத்து ஒட்டுவது எதுவும் உரிமையை மாற்றாது. மெழுகு, திரி, அச்சு விற்கும் கம்பெனியின் தளத்தில் இருக்கும் படத்துக்கும் இதேதான், அவர்களிடம் பொருள் வாங்குவதால் படமும் சேர்ந்து வருவதில்லை. ஒரு மெயில் போட்டுக் கேட்டால் நிறையப் பேர் சரி என்பார்கள், அந்தப் பதில் மெயிலை அழிக்காமல் வையுங்கள்.

அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ், பிக்ஸாபே போன்ற தளங்களின் படங்களை வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பெயர் போடுவதும் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த லைசென்ஸ் கொடுப்பது படம் எடுத்தவர். படத்தில் இருக்கும் பெண்ணின் முகத்துக்கோ, மேசை மேல் தெரியும் ஒரு பிராண்டின் லோகோவுக்கோ, பின்னால் சுவரில் இருக்கும் ஓவியத்துக்கோ அவர் அனுமதி கொடுக்க முடியாது. அந்தப் பெண் உங்கள் மெழுகுவர்த்தியைப் பரிந்துரைப்பதுபோல் ரீல் செய்தால் அது வேறு வில்லங்கம். ஆள் முகமும் லோகோவும் இல்லாத படமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலையே வேண்டாம். விக்கிபீடியாவின் படங்கள் இருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தொகுப்பில் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் லைசென்ஸ் தனித்தனியாக எழுதியிருக்கும், ஒன்றுக்கு CC0, அடுத்ததற்கு CC BY-SA என்று மாறும், அதனால் படத்துக்குப் படம் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் அடுத்த ரீலையே எடுத்துக்கொள்வோம். 35 விநாடி, மெழுகு ஊற்றுவது, திரி நிறுத்துவது, கடைசியில் ஏற்றிய மெழுகுவர்த்தி, நடுவில் மூன்று விநாடிக்கு லாவெண்டர் வயல் ஒன்று வேண்டும். வயல் படத்தை விக்கிமீடியாவில் தேடுகிறீர்கள், CC BY 4.0 என்று இருக்கும் ஒன்று கிடைக்கிறது. படத்தின் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் லிங்கும் தெரியும்படி. கேப்ஷன் கடைசியில் ஒரே வரி: படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ் லிங்க், CC BY 4.0, ‘அளவு வெட்டப்பட்டது’. செங்குத்து ரீலுக்காக வெட்டியிருப்பீர்கள், மாற்றம் செய்ததைச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த லைசென்ஸின் நிபந்தனை. இசையை எடிட்டிங் ஆப்பிலேயே சேர்த்து ஏற்றுமதி செய்யாதீர்கள். இசை இல்லாமல், ஊற்றும் சத்தமும் உங்கள் குரலும் மட்டும் இருக்கும் ஒரு பிரதியை எடுத்து வையுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு அதன்மேல் சவுண்ட் கலெக்‌ஷன் இசை, யூடியூபுக்கு அதே பிரதியின்மேல் ஆடியோ லைப்ரரி இசை. நாளைக்கு எதுவாவது மியூட் ஆனாலும் இசையை மட்டும் மாற்றி ஐந்து நிமிடத்தில் திரும்பப் போடலாம். ஸ்கிரீன்ஷாட்டுகள், லைசென்ஸ் பக்கம், மெயில் எல்லாவற்றையும் ரீலின் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், ஏனென்றால் தளங்களில் லைசென்ஸ் பக்கங்கள் மாறும், எடுத்த அன்றைக்கு என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்கள் ஆதாரம்.

அறிவிப்பு வந்தால் முதலில் எந்த வகை என்று பாருங்கள். யூடியூபில் கன்டென்ட் ஐடி கிளெய்ம் என்பது இயந்திரம் கண்டது, பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் உரிமையாளருக்குப் போகும், சேனலுக்கு கரும்புள்ளி இல்லை. ஸ்ட்ரைக் என்பது ஒருவர் சட்டப்படி புகார் கொடுத்து நீக்கச் சொன்னது, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகலாம். இன்ஸ்டாகிராமில் செட்டிங்ஸில் இருக்கும் ‘Account Status’ பகுதியில் நீக்கப்பட்டவற்றைப் பார்க்கலாம். கையில் லைசென்ஸ் இருந்தால் மறுப்புத் தெரிவியுங்கள், யூடியூபில் எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் நேரம் உண்டு. லைசென்ஸ் இல்லை, ஆனால் ‘நியாயமான பயன்பாடு’ என்று வாதிடலாமா என்றால், அது நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும் விஷயம். ஒரு பாட்டை விமர்சிக்க அதன் துணுக்கைப் போடுபவருக்கு அதில் இடம் இருக்கலாம். பொருள் விற்கும் வீடியோவுக்குப் பின்னணியில் அழகுக்காகப் போட்டதற்கு நான் அந்த வாதத்தை நம்பமாட்டேன். மறுப்பு, அப்பீல் இரண்டையும் தாண்டிய அடுத்த படியான எதிர் அறிவிப்பு, சட்டப்படி உறுதிமொழி கொடுக்கும் ஆவணம், உண்மையாகவே உரிமை இருந்தால் மட்டும் அதில் கை வையுங்கள்.

மியூட் ஆன உங்கள் இரண்டு ரீலுக்கும் மறுப்பு அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள், விற்பனைப் பக்கம் என்பதால் நிற்காது. அறிவிப்பில் ஆடியோவை மாற்றும் வசதி காட்டினால் மாற்றுங்கள், இல்லையென்றால் வேறு இசையோடு புதிதாகப் போடுங்கள். நீக்கப்பட்ட படத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப ஏற்ற வேண்டாம், ஒரே படத்துக்கு இரண்டாவது புகார் வந்தால் அக்கவுண்ட் மேல் கை வைப்பார்கள். புகார் அறிவிப்பில் உரிமையாளரின் பெயரும் மெயிலும் இருந்தால் அவருக்கே எழுதிக் கேட்டுப் பாருங்கள், சிலர் ஒரு சின்னத் தொகைக்குக் கொடுப்பார்கள், சிலர் சும்மாவே சரி என்பார்கள்.